மௌனமாகும் ஆப், கதை சொல்லும் ஆப்: எதை எங்கே நம்புவது?

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கி வந்த அன்றுதான் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஆறு மட்டும் கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய அட்டை பாதியாகக் கிடந்தது. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் இரண்டும் கலந்துவிட்டன. விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குப் பார்வை கிடையாது. அம்மாவுக்குப் பார்வை உண்டு, ஆனால் அந்தப் பொடி எழுத்து தெரியாது. சரி, போன் எதற்கு இருக்கிறது என்று எடுத்தேன்.

முதலில் எழுத்தை வாசிக்கும் ஆப். கேமராவை அட்டையின் மேல் பிடித்ததும் “மெட்ஃபார்ம்” என்றது, “ப்ளெட்ஸ் ஐபி” என்றது, “50” என்றது, அப்புறம் எதற்கும் சம்பந்தமில்லாத நாலைந்து எழுத்துகள். இரண்டு அட்டையில் ஒன்றுக்குத் தேதி வாசித்தது. இன்னொன்றுக்கு எவ்வளவு திருப்பிக் காட்டியும் தேதி வரவில்லை. எரிச்சலாகி, படம் எடுத்தால் முழுதாக வர்ணித்துச் சொல்லும் ஆப்பைத் திறந்தேன். அது ஒரே மூச்சில் சொன்னது: வெள்ளி நிற மாத்திரை அட்டை, மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலாவதி 2026 மார்ச். எவ்வளவு நிம்மதி! ஏனோ ஒரு சந்தேகத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்தேன். இப்போது அதே அட்டைக்கு 2027 ஆகஸ்ட் என்றது, அதே உறுதியான குரலில்.

மூன்றாவதாக வீடியோ அழைப்பில் ஒரு தன்னார்வலரைப் பிடித்தேன். அட்டையைத் திருப்பச் சொன்னார், மறுபடி திருப்பச் சொன்னார், விளக்குக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். கடைசியில், “சார், இதுல தேதியே இல்லைங்க. தேதி அடிச்சிருந்த முனையைக் கத்தரிச்சுட்டாங்கபோல” என்றார்.

ஆக, நான் எரிச்சலோடு மூடி வைத்த முதல் ஆப்தான் சரியாகச் சொல்லியிருக்கிறது. அது தேதி சொல்லாமல் இருந்ததே பதில். எனக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை.

எந்த ஆப் நல்ல ஆப் என்று நண்பர்கள் என்னிடம் கேட்கும்போது, எது அழகாக வர்ணிக்கிறது என்று ஒப்பிட்டுத்தான் பல வருடம் பதில் சொல்லிவந்தேன். இப்போது வேறு மாதிரி ஒப்பிடுகிறேன். ஒவ்வொன்றும் தெரியாதபோது என்ன செய்கிறது? வாயை மூடிக்கொள்கிறதா, உளறுகிறதா, இல்லை தெரிந்த மாதிரியே பேசுகிறதா? கண் தெரிந்தவர் ஆப் சொன்னதைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்வார். நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் தவறு நடந்திருக்கிறது என்று காதாலேயே தெரிய வேண்டும்.

ஒரு வேலை மட்டும் செய்பவை

பணத்தாள் அடையாளம் காண்பது, பார்கோடு படிப்பது, அச்செழுத்து வாசிப்பது, நிறம் சொல்வது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பகுதி வைத்திருப்பவை முதல் வகை. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ இப்படித்தான் 2017-ல் ஐபோனில் வந்தது. ஆண்ட்ராய்டுக்கு வர 2023 டிசம்பர் ஆகிவிட்டது. கூகுளின் லுக்அவுட் 2019-ல் வந்தது. இரண்டும் இலவசம். இரண்டிலுமே பின்னால், படத்தை வாக்கியமாகச் சொல்லும் ஏஐ வர்ணனைக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ரிசர்வ் வங்கியின் மணி ஆப். 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டார்கள். இணையம் வேண்டாம், தாளைக் காட்டினால் தொகையைச் சொல்லும், அவ்வளவுதான். இதன் தேவை பார்வை உள்ளவர்களுக்குச் சட்டென்று விளங்காது. 100, 200, 500 ரூபாய் புதுத் தாள்கள் மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. அதாவது இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தாளின் ஓரத்தில் தடவிப் பார்க்கச் சாய்கோடுகள் உண்டு, புதுத் தாளில் தெரியும். காய்கறிக் கடையில் நாலு கை மாறி ஈரமாகி வந்த தாளில் எதைத் தடவுவது?

மணி ஆப்புக்குத் தெரியாவிட்டால் தொகை சொல்லாது. நான் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன், திருப்புவேன், மறுபடி காட்டுவேன். அது தோற்கும் விதம் எனக்குக் கேட்கிறது. ஆனால் ஒரு எல்லை உண்டு. அது நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லாது, சொல்வதாக ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை. தொகையைச் சொல்லிவிட்டதாலேயே நோட்டு நல்லது என்று நினைத்துக்கொள்வது நம் தவறு.

பார்கோடும் இதே குணம்தான். சீயிங் ஏஐ-யில் பார்கோடு கேமராவுக்குள் வர வர பீப் ஒலி வேகமாகும், பொருளைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக் கண்டுபிடிக்கலாம். கிடைத்தால் சரியான பெயர் வரும். நம் ஊர் அப்பளக் கட்டு, சின்ன கம்பெனி மசாலா என்றால் பல சமயம் பட்டியலில் இருக்காது. இல்லாததை இல்லை என்று சொல்லிவிடும். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: சாதாரணக் கோடுபோட்ட பார்கோட்டில் பொருள் எது என்பது மட்டும்தான் இருக்கிறது, காலாவதித் தேதி கிடையாது. மருந்தில் இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல், 300 மருந்துப் பெயர்களுக்கு பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம் என்று மத்திய அரசு ஆக்கியது. அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். இது வர்ணனை இல்லை, பதிவு, எனவே ஊகத்துக்கு இடமில்லை. ஆனால் அட்டையில் இடமில்லாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சடிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். ஆறு மாத்திரை கத்தரித்து வாங்குபவர் வீட்டுக்கு அந்தப் பெட்டி எங்கே வரப்போகிறது?

எழுத்து வாசிப்பான் தோற்றால் உளறும். “ப்ளெட்ஸ் ஐபி” மாதிரி. பளபளக்கும் அட்டை, வளைந்த புட்டி, அமுக்கி அச்சடித்த தேதி இவை மூன்றிலும் உளறல் அதிகம். முன்பு இதைக் குறையாக நினைத்தேன். இப்போது இதைப் பெரிய கொடை என்றே சொல்வேன். குப்பையாக வந்தால் குப்பை என்று காதுக்குத் தெரிகிறது.

தமிழ் எழுத்துக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறும். ஆப் எழுதுபவர்களுக்கு கூகுள் தரும் எம்எல் கிட் என்ற கருவிப்பெட்டி, போனுக்குள்ளேயே எழுத்து வாசிக்க ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்துகள், தேவநாகரி, சீனம், ஜப்பானியம், கொரியன் ஆகியவற்றைத் தாங்குகிறது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் வைத்துக் கட்டிய ஆப் எதுவானாலும் தமிழுக்குப் படத்தை இணையம் வழியாக எங்கோ அனுப்பித்தான் வாசிக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் சிக்னல் போனால் ஆங்கிலப் பலகை கேட்கும், தமிழ்ப் பலகை கேட்காது.

இதைவிட நுணுக்கமான ஒரு கோளாறு உண்டு, என்னை ஒரு வருடம் ஏமாற்றியது. ஆப் தமிழைச் சரியாகவே வாசித்துத் திரையில் எழுதியிருக்கும். ஆனால் பேசும் குரல் ஆங்கிலக் குரலாக இருந்தால் பல குரல்கள் தமிழ் எழுத்தைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிடும். இரண்டு மொழியும் உள்ள அறிவிப்பில் ஆங்கிலப் பாதி மட்டும் கேட்கும், பலகையில் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். தோற்றது கேமரா இல்லை, குரல். சந்தேகம் வந்தால் முடிவு வந்த திரையில் எழுத்தெழுத்தாக நகர்த்திப் பாருங்கள். கர்சர் நகர்கிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால் அங்கே தமிழ் இருக்கிறது. தமிழ்க் குரலை நிறுவிவிட்டு மறுபடி கேளுங்கள்.

நிறம் சொல்லும் பகுதியை நான் பெரிதாக நம்புவதில்லை. ஆவின் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. காலையில் ஜன்னலோரம் காட்டினால் சரியாகச் சொல்லும். ராத்திரி மஞ்சள் பல்பின் கீழே காட்டினால் நீலமும் பச்சையும் குழம்பிவிடும். கேமராவுக்கு விளக்கின் நிறமும் பொருளின் நிறமும் சேர்ந்தே வருகின்றன. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, அதை வெள்ளை என்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வர்ணனைக்காரர்கள்

படத்தைப் பார்த்து வாக்கியமாகச் சொல்வது இரண்டாம் வகை. தன்னார்வலர்களை வீடியோவில் அழைக்க உதவும் பி மை ஐஸ் ஆப்புக்குள் இருக்கும் பி மை ஏஐ, 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு அந்த வருடக் கடைசிக்குள் பரவலாக வந்தது. லுக்அவுட்டில் படத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் வசதியும், ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக்கில் 2024-ல் ஜெமினி வழியாக வந்த பட வர்ணனையும் இதே குடும்பம்தான்.

இவை வந்தது சாதாரண மாற்றம் இல்லை. அதற்கு முன்பு, 2016-ல் ஃபேஸ்புக் தானாகப் பட விவரம் சொல்ல ஆரம்பித்தபோது, “படத்தில் இருக்கக்கூடும்: இரண்டு பேர், சிரிப்பு, வெளிப்புறம்” என்கிற அளவில்தான் வரும். தங்கை கல்யாண ஆல்பம் முழுக்க “இரண்டு பேர், நிற்கிறார்கள்”. நாங்கள் நண்பர்கள் அதைச் சொல்லிச் சிரிப்போம். இன்று அதே படத்தைக் காட்டினால் புடவையின் கரை, மாலையின் பூ, பின்னால் வாழைமரம் எல்லாம் வருகிறது. குத்துவிளக்கைச் சில சமயம் ‘பித்தளைக் கோப்பை’ என்கும், கோலத்தை ‘தரையில் சுண்ணாம்பு ஓவியம்’ என்கும். போகட்டும். ஆனால் அந்தப் பழைய ஃபேஸ்புக் வாக்கியத்தில் ஒரு நேர்மை இருந்தது: “இருக்கக்கூடும்”. புதியவர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி என்றால், இவை படத்தை எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எடுப்பதில்லை. படத்திலிருந்து கிடைத்த குறிப்பை வைத்து, இந்த மாதிரிப் படத்துக்கு அடுத்து என்ன சொல் வரும் என்று வாக்கியம் கட்டுகின்றன. மாத்திரை அட்டை என்று தெரிந்துவிட்டால், மாத்திரை அட்டையைப் பற்றிய பேச்சில் பெயர், அளவு, காலாவதி மூன்றும் வழக்கமாக வரும். மூன்றாவது கண்ணுக்குச் சிக்காவிட்டாலும் அந்த இடம் நிரம்பிவிடுகிறது. அம்மாவின் அட்டையில் நடந்தது அதுதான். 2026 மார்ச்சும் 2027 ஆகஸ்டும் அட்டையிலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வந்தன.

மெட்ஃபார்மின் 500 என்றதுகூட அப்படி வந்திருக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது. எழுத்து வாசிப்பான் “50” என்றுதான் சொன்னது. அந்த மருந்து 500, 850, 1000 என்று பல அளவில் வருகிறது. “50” என்று கேட்டால் முதலாவதாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நாமும் ஊகிப்போம். வித்தியாசம் என்னவென்றால், நாம் ஊகிக்கிறோம் என்று நமக்குத் தெரியும்.

நம் படங்களும் இதற்கு உதவுவதில்லை. பார்வையற்றவர்கள் போனில் எடுத்த படங்களையும் அவற்றோடு குரலில் கேட்ட கேள்விகளையும் சேர்த்து விஸ்விஸ் என்ற தொகுப்பை 2018-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகள். அவற்றில் நாலில் ஒன்றுக்கும் மேல் அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்லவே முடியாதவை. படம் மங்கியிருந்தது, பொருள் படத்துக்குள் விழவில்லை, எழுத்து மறுபக்கம் இருந்தது, இப்படி. நம்மில் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாலு முறை கேட்டால் ஒரு முறையாவது “தெரியவில்லை” என்பதுதான் சரியான பதில். உங்கள் ஆப் எத்தனை முறை அப்படிச் சொல்கிறது?

நம் பக்கத்திலும் ஒரு பலவீனம் இருக்கிறது. 2017-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ட்விட்டர் படங்களுக்குக் கணினி தரும் விவரங்களைப் பார்வையற்றவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். படத்தின் விவரம் பதிவின் வாசகத்தோடு பொருந்தாதபோதும் பலர் விவரத்தைச் சந்தேகப்படவில்லை. இரண்டையும் பொருத்துவதற்குத் தாங்களே ஒரு கதையைக் கற்பித்துக்கொண்டார்கள். எனக்கு அதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 2026 மார்ச்சைக் கேட்டவுடன், “மெடிக்கல்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்” என்று நானும் மனதுக்குள் ஒரு கதை கட்டியிருந்தேன். பாவம் அந்த மனிதர்.

செய்தவர்களும் இதை மறைக்கவில்லை. பி மை ஏஐ-க்குப் பின்னால் இருந்த ஏஐ மாதிரியைப் பற்றி ஓப்பன்ஏஐ 2023-ல் வெளியிட்ட ஆவணத்தில், உணவகப் பட்டியலில் இல்லாத ஒரு பண்டம் இருப்பதாக அது உறுதியாகச் சொன்னதை ஒரு சோதனைப் பயனர் குறிப்பிட்டது பதிவாகியிருக்கிறது. மருந்துச்சீட்டு வாசிக்கவோ, ஒவ்வாமைக்காக உணவுச் சேர்க்கைகளைப் பார்க்கவோ, சாலையைக் கடக்கவோ இதை நம்ப வேண்டாம் என்று பி மை ஐஸ் எச்சரித்ததும் அதிலேயே இருக்கிறது.

இன்னொரு பொறி நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. “மேசையில் என் சாவி இருக்கிறதா?” என்று கேட்டால் இந்த மாதிரிகளுக்கு ஆம் என்று சொல்லும் சாய்வு உண்டு. 2023-ல் வந்த ஓர் ஆய்வு பல மாதிரிகளில் இதைச் சோதித்துக் காட்டியது. குறிப்பாக, மேசைமேல் வழக்கமாக இருக்கும் பொருளைக் கேட்டால் சறுக்கல் அதிகம். அதனால் நான் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. “மேசையில் உள்ளதை இடமிருந்து வலமாகச் சொல்” என்று கேட்கிறேன். அதன் வாயில் தானாகச் சாவி வந்தால் பெரும்பாலும் சாவி இருக்கிறது.

தமிழ் அச்சு வாசிப்பதில் இந்த வகையின் ஆபத்து இன்னும் கூடுதல். வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை வர்ணனைக்காரரிடம் கொடுத்தால் தெளிவான தமிழில் வாசிக்கும். மங்கிய இடத்தில் எழுத்து வாசிப்பானாக இருந்தால் “ஙகஞ்” என்று ஏதாவது வரும். இது அந்த இடத்தில் பொருத்தமான ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிடும். ஊர்ப்பெயர்களில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். சின்ன ஊரின் பெயரை அதற்கு ஒலியில் பக்கத்தில் உள்ள பெரிய ஊராக மாற்றிவிடும். பத்திரிகையில் ஊர் மாறினால் நாம் வேறு மண்டபத்தில் போய் உட்கார்ந்திருப்போம்.

தெருவில்

தெருவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வேண்டாம் என்பதுதான் என் முடிவு. ஆனால் காரணம் தெரிந்துகொள்வது நல்லது.

படம் எடுத்து, அனுப்பி, வாக்கியம் காதில் விழ ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து அதற்குள் 50 மீட்டர் ஓடிவிடும். காதில் விழுவது பழைய தெரு. வழியில் எதுவும் இல்லை என்று அது சொன்னால், படத்துக்குள் எதுவும் இல்லை என்றுதான் பொருள். நெஞ்சுயரத்தில் நேராகப் பிடித்த போனின் கண்ணுக்குக் காலடியில் திறந்திருக்கும் மழைநீர்க் கால்வாய் படாது. வெள்ளைக் கோலுக்கு அந்தக் குறை இல்லை.

பேருந்து எண்ணுக்கு ஆசைப்படுவோம். அங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. எல்இடி பலகையின் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிவதில்லை, வரிசை வரிசையாக வேகமாக எரிந்து அணைகின்றன. மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. வெயிலில் கேமரா மிகக் குறைந்த நேரமே திறந்து மூடுவதால் பாதி வரிசைகள்தான் படத்தில் விழும். 21ஜி வருகிறது என்றால் 21 மட்டும் படிக்கலாம், 2 மட்டும் படிக்கலாம். பெயின்ட்டில் எழுதிய பழைய பலகை இதற்கு எவ்வளவோ மேல். நடத்துநரிடம் கேட்பது எல்லாவற்றுக்கும் மேல்.

தூரம் சொல்லும் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ வகைகளில் லைடார் என்ற தனி உணரி இருக்கிறது, சுமார் ஐந்து மீட்டர் வரை ஒளியை அனுப்பி அளக்கும். அதை வைத்து ஆப்பிள் 2020-ல் ஆள் இருக்கும் தூரத்தையும் 2022-ல் கதவு இருக்கும் தூரத்தையும் சொல்ல வைத்தது. அது அளவு, வர்ணனை இல்லை. அரசு அலுவலகத்தில் எந்தக் கதவு, தள்ளுவதா இழுப்பதா என்று தடவிக்கொண்டு நிற்பவருக்கு உபயோகம்தான். ஆனால் அந்தப் போனின் விலைக்கு எங்கள் வீட்டில் ஒரு வருட மளிகை வந்துவிடும். கதவுக்காக நான் வாங்கமாட்டேன். வாங்கியே வைத்திருந்தால் கட்டாயம் பழகுங்கள், மேக்னிஃபையர் ஆப்புக்குள் இருக்கிறது.

மனிதர்களும் திரை வாசிப்பான்களும்

பி மை ஐஸ் 2015-ல் டென்மார்க்கிலிருந்து வந்தபோது ஏஐ எதுவும் கிடையாது. பார்வை குறைந்தவரான ஹான்ஸ் யோர்கன் விபெர்க் ஆரம்பித்தது, முழுக்கத் தன்னார்வலர்கள். இன்று 70 லட்சத்துக்கும் மேல் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அழைப்பு மொழி பார்த்துப் போகிறது என்பதால் தமிழை மொழியாக வைத்தால் தமிழில் பேசலாம்.

மனிதரின் பெரிய பலம் கண் இல்லை, “கொஞ்சம் திருப்புங்க” என்று கேட்பதுதான். தனக்குத் தெரியாததை அவர் உணர்கிறார், தெரிந்துகொள்ள என்ன வேண்டும் என்று கேட்கிறார். அம்மாவின் அட்டையில் தேதி இல்லை என்று சொல்ல அட்டை முழுவதையும் பார்த்தாக வேண்டும். இல்லை என்ற பதிலுக்கு எப்போதுமே அதிக வேலை.

அவர்களும் தவறுவார்கள். அவசரத்தில் ஊகிப்பார்கள், எனக்கு வலது என்பதை அவருக்கு வலது என்பார்கள், வீடியோ தெளிவில்லாமல் 6-ஐ 8 என்பார்கள். ஆனால் குரலில் தயக்கம் வந்துவிடும், அது போதும். நான் இவர்களிடம் காட்டாதது வங்கிப் புத்தகம், ஏடிஎம் அட்டை, ஓடிபி. யாரோ ஒருவர், பெயரும் தெரியாது. அந்த வேலைக்கு இணையமில்லாமல் இயங்கும் எழுத்து வாசிப்பானோ, பக்கத்து வீட்டு அக்காவோ நல்லது.

திரை வாசிப்பான்களை இந்தப் போட்டியில் தனி ஆளாக வைக்கக்கூடாது. டாக்பேக்கும் ஐபோனின் வாய்ஸ்ஓவரும் முக்கியமாகத் திரையில் இருப்பதைச் சொல்பவை. அவை தரும் பட வர்ணனை, உங்களுக்கு வந்த படத்துக்கானது. அங்கே ஒரு நன்மை: படம் ஏற்கெனவே யாரோ நன்றாக எடுத்தது, மங்கல் குறைவு. ஒரு தீமை: மறுபடி வேறு கோணத்தில் எடுக்க முடியாது. அதனால் அதைச் சரிபார்க்க இன்னொரு ஆப்புக்குப் பகிர்வதுதான் வழி. ஆப்பிள் 2020-ல் வாய்ஸ்ஓவருக்குள் போனிலேயே இயங்கும் பட அறிதலைச் சேர்த்தபோதே, வழி கண்டுபிடிக்கவோ மருத்துவத்துக்கோ நம்ப வேண்டாம் என்று எழுதி வைத்தது. கணினியில் என்விடிஏ திரை வாசிப்பான் வைத்திருப்பவர்கள் படமாக வந்த எழுத்துக்கு `NVDA+r` அழுத்தினால் விண்டோஸின் எழுத்து வாசிப்பான் வேலை செய்யும். முதல் வகைக் கருவி அது, உளறும்போது உளறல் கேட்கும்.

புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறது, போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை பத்து நிமிடத்தில் முடியும். வெற்றுச் சுவரைப் படம் எடுத்து, “பலகையில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். லென்ஸை விரலால் பாதி மறைத்து மேசையைப் படம் எடுங்கள். தேதி பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி, காலாவதி எப்போது என்று கேளுங்கள். பதில் என்ன வர வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றிலும் தெரியவில்லை என்று சொன்னால் அந்த ஆப்பை எழுத்துக்கும் கொஞ்சம் நம்பலாம். ஒன்றில் கதை விட்டாலும் அதைக் கல்யாண ஆல்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தல் வரும்போதெல்லாம் மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் மாதிரியைச் சொல்லாமல் மாற்றுகிறார்கள்.

என் போனின் முதல் பக்கத்தில் இப்போது மணி, ஒரு எழுத்து வாசிப்பான், பி மை ஐஸ் மூன்றுதான். வர்ணனைக்காரர்களை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்ஆப் படங்களுக்கு. பி மை ஐஸுக்குள்ளேயே ஒரு வர்ணனைக்காரர் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை, அவசரத்தில் விரல் அங்கே போய்விடுகிறது. மெடிக்கலில் அட்டையைக் கத்தரிப்பதற்கு முன் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பழைய அட்டையில் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன், அது தீர்ந்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சில சமயம் அம்மா அந்த ரப்பர் பேண்டைக் கறிவேப்பிலைக் கட்டுக்குப் போட்டுவிடுகிறார்.